மதர்போர்ட் மாற்றிய பிறகு வெளி ஹார்ட் டிஸ்க் ரிகவரி கீ கேட்டால்

"அண்ணா, களுவாஞ்சிக்குடியில இருந்து கேக்கிறன். மழைக்கால இடி மின்னலில லப்டொப்பின்ட மதர்போர்ட் போயிட்டுது. மட்டக்களப்பு டவுனில வேற போர்ட் போட்டுத் தந்தாங்க. இப்ப என்ட 1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகினா பிட்லொக்கர் ரிகவரி கீ கேக்குது. முந்தி தானாவே திறக்கும். பள்ளிக்கூட வேலை, பிள்ளைகளின்ட படம் எல்லாம் அதுக்குள்ளதான். கடையில ஃபோர்மட் பண்ணித் தாறம் எண்டு சொல்றாங்க. என்ன செய்யலாம்?"

தங்கச்சி, ஃபோர்மட்டுக்கு மட்டும் இப்போது சம்மதிக்க வேண்டாம். சாதாரண டிஸ்க்கைத் தவறுதலாகக் குயிக் ஃபோர்மட் செய்துவிட்டால், மீட்பு மென்பொருள் போட்டுப் பெரும்பாலான ஃபைல்களை எடுத்துவிடலாம். கடைக்காரர் அந்தப் பழக்கத்தில்தான் சொல்லியிருப்பார். பிட்லொக்கர் என்பது டிஸ்க்கில் இருப்பதை மறையாக்கிப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. அதைப் போட்ட டிஸ்க்கில் அப்படி மீட்க முடியாது. பூட்டைத் திறக்கத் தேவையான விபரங்களை விண்டோஸ் அந்த டிஸ்க்கிலேயே மூன்று இடங்களில் எழுதி வைத்திருக்கும். ஃபோர்மட் செய்யும்போது அந்த மூன்றையும் சேர்த்தே அழித்துவிடும். அதன் பிறகு சரியான கீ கைக்கு வந்தாலும், அதைப் போட்டுத் திறப்பதற்கு அங்கே பூட்டே இருக்காது.

இனி, ஏன் கேட்கிறது என்பதைப் பார்ப்போம். போர்ட் மாற்றியதால் டிஸ்க் பூட்டிக்கொண்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். லப்டொப்பின் உள்ளே இருக்கும் C: டிஸ்க்குக்கு அது உண்மை. அதன் சாவி போர்டோடு வரும் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியில் கட்டப்பட்டிருக்கும். போர்ட் மாறினால் C: ரிகவரி கீ கேட்கும். வெளியில் செருகும் டிஸ்க்குக்கும் டிபிஎம்முக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதை நீங்கள் வைத்த பாஸ்வேர்டும், 48 இலக்க ரிகவரி கீயும்தான் காக்கின்றன. அந்த டிஸ்க்கை எந்த ஊரில் எந்த விண்டோஸ் கணினியில் செருகினாலும் இரண்டில் ஒன்றைக் கொடுத்துத் திறக்கலாம். விண்டோஸ் ஹோம் போட்ட கணினியில்கூடத் திறக்கும்.

அப்படியானால் முன்பு எப்படித் தானாகத் திறந்தது? பாஸ்வேர்ட் கேட்கும் பெட்டியில் Automatically unlock on this PC என்று ஒரு தெரிவு இருக்கும். எப்போதோ ஒரு நாள் அதில் டிக் போட்டிருப்பீர்கள். அன்றைக்கு விண்டோஸ் மூன்றாவதாக ஒரு சாவியை உருவாக்கி, அதை உங்கள் பழைய விண்டோஸுக்குள், உங்கள் பயனர் கணக்கோடு சேர்த்து வைத்துக்கொண்டது. அன்றிலிருந்து நீங்கள் பாஸ்வேர்ட் அடிக்க வேண்டிய தேவை வரவில்லை, மறந்தும் போயிற்று. இப்போது டிஸ்க் தானாகத் திறக்கவில்லை என்றால், அந்தப் பழைய விண்டோஸோ அந்தக் கணக்கோ இப்போது ஓடிக்கொண்டிருக்கவில்லை என்றுதான் அனேகமாக அர்த்தம். போர்ட் மாற்றிய கையோடு கடையில் விண்டோஸைப் புதிதாகப் போட்டிருப்பார்கள், அல்லது வேறு எஸ்எஸ்டி மாட்டியிருப்பார்கள், அல்லது புதுப் பயனர் கணக்கு திறந்திருப்பார்கள். லப்டொப்பைத் திறந்தால் பழைய டெஸ்க்டொப்பும் பழைய ஃபைல்களும் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியாவிட்டால், கழற்றிய எஸ்எஸ்டி எங்கே என்று கடையில் இன்றைக்கே கேளுங்கள். அதை வீசவோ அழிக்கவோ வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள்.

அடுத்து, டிஸ்க்கிடமே கேட்போம். எந்தப் பூட்டுகள் தன்னில் இருக்கின்றன என்பதைப் பூட்டிய நிலையிலும் அது சொல்லும். ஸ்டார்ட் பட்டனில் cmd என்று தேடி, ரைட் கிளிக் செய்து Run as administrator கொடுங்கள். டிஸ்க் E: என்றால்:

```
manage-bde -protectors -get E:
```

வரும் பட்டியலில் Password என்று ஒரு வரி இருந்தால், நீங்கள் வைத்த பாஸ்வேர்ட் இன்னும் செல்லும். Numerical Password என்பதுதான் 48 இலக்க ரிகவரி கீ. இலக்கங்கள் இப்போது தெரியாது. அதன் கீழே ID என்று நெளிவு அடைப்புக்குள் ஒரு நீண்ட குறியீடு மட்டும் இருக்கும். அதன் முதல் எட்டு எழுத்துகளை எழுதி வையுங்கள், பிறகு தேவைப்படும். External Key இருந்தால் நான் சொன்ன தானியங்கிச் சாவி அதுதான். TPM என்று வந்தால் கதை வேறு: அது முதலில் இருந்தே வெளி டிஸ்க் அல்ல, ஏதோ லப்டொப்பின் உள்ளே C: ஆக இருந்து, பிறகு யூஎஸ்பி கேஸில் போட்டது. அதற்குப் பாஸ்வேர்ட் என்று ஒன்று இருக்காது, 48 இலக்கம் மட்டும்தான் வழி.

உங்கள் பட்டியலில் Password இருக்கும் என்றே நினைக்கிறேன். ரிகவரி கீ பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்காமல் முதலில் பாஸ்வேர்டை முயலுங்கள். பயப்படத் தேவையில்லை. எத்தனை தடவை பிழையாகப் போட்டாலும் இந்த டிஸ்க் தன்னை அழித்துக்கொள்ளாது, நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளவும் மாட்டாது. பாஸ்வேர்ட் குறைந்தது எட்டு எழுத்து, பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்கும். அந்தக் காலத்தில் வைஃபைக்கும் மின்னஞ்சலுக்கும் எதை வைத்தீர்கள் என்று யோசியுங்கள்.

ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. புதிதாகப் போட்ட விண்டோஸில் கீபோர்ட் அமைப்பு மாறியிருக்கலாம். அமெரிக்க அமைப்பில் ஷிஃப்டும் 2-உம் அழுத்தினால் @ வரும், பிரிட்டிஷ் அமைப்பில் அதே இடத்தில் " வரும். பாஸ்வேர்டில் @ வைத்தவர், சரியாகவே அடித்துவிட்டு, "பிழை என்று சொல்கிறது" என்று நிற்பார். தமிழ்க் கீபோர்ட் இயங்கிக்கொண்டிருந்தாலும் இதே கதிதான். நோட்பேடில் ஒருமுறை அடித்துப் பார்த்து, திரையில் வருவது நீங்கள் நினைத்ததுதானா என்று பாருங்கள். பிறகு அந்தப் பெட்டியில் அடியுங்கள்.

பாஸ்வேர்ட் சரிவரவில்லை என்றால் அடுத்தது பழைய விண்டோஸ். பழைய எஸ்எஸ்டி அழியாமல் இருந்தால் அதுதான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த வழி. அதை லப்டொப்பில் திரும்ப மாட்டி இயக்குங்கள். புதுப் போர்டில் அது நீலத் திரையில் ரிகவரி கீ கேட்கலாம். அது C:-இன் கீ. வெளி டிஸ்க்கின் கீ அல்ல. இரண்டுக்கும் Key ID வெவ்வேறு. ஒன்றின் கீயை மற்றதில் போட்டுவிட்டுக் கீ பிழை என்று முடிவு கட்டியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். C: திறந்ததும் உங்கள் பழைய கணக்கிலேயே பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே போங்கள். போர்ட் மாறியதால் பின் நம்பர் வேலை செய்யாமல் போகலாம், கணக்கின் பாஸ்வேர்ட் செல்லும். இப்போது வெளி டிஸ்க்கைச் செருகினால் முன்புபோலத் தானாகத் திறக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. திறந்த கையோடு மேலே சொன்ன அதே கட்டளையை மறுபடி கொடுங்கள். டிஸ்க் திறந்திருக்கும்போது Numerical Password-க்குக் கீழே 48 இலக்கமும் முழுதாகத் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், ஃபோனில் படமும் எடுங்கள்.

பழைய விண்டோஸ் போய்விட்டது என்றால் கீயைத் தேட வேண்டியதுதான். இங்கே உங்களுக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது. பிட்லொக்கர் போடும்போது, ரிகவரி கீயை எங்கேயாவது சேமிக்காமல் அடுத்த கட்டத்துக்கு விண்டோஸ் விடாது. மைக்ரோசொஃப்ட் கணக்கு, ஃபைல், பிரின்ட் என்று சில தெரிவுகள் தந்து, ஒன்றையாவது செய்தால்தான் Next பட்டனை அழுத்த முடியும். ஆகவே இந்தக் கீ ஒரு காலத்தில் ஓரிடத்தில் இருந்திருக்கிறது. அதைப் போட்ட நாளில் நீங்கள் என்ன தெரிவு செய்தீர்கள் என்பதுதான் கேள்வி.

ஃபைலாகச் சேமித்திருந்தால் அதன் பெயர் BitLocker Recovery Key என்று தொடங்கி, பின்னால் அந்த ID வந்து, .TXT என்று முடியும். பூட்டுகிற டிஸ்க்கிலேயே அதைச் சேமிக்க விண்டோஸ் விடாது, எனவே அனேகமாகப் பழைய C:-இல்தான் வைத்திருப்பீர்கள். கடையில் ஃபோர்மட் செய்யாமல் மேலாலேயே விண்டோஸ் போட்டிருந்தால், பழையதெல்லாம் C:\Windows.old என்ற ஃபோல்டருக்குள் சில காலம் கிடக்கும். தானாக அழிந்துவிடக்கூடிய ஃபோல்டர் அது, ஆகவே இன்றைக்கே தேடுங்கள்:

```
dir C:\*BitLocker*.txt /s /b /a
```

பென் டிரைவ்கள், உங்களுக்கு நீங்களே அனுப்பிய மின்னஞ்சல்கள், ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் எல்லாவற்றிலும் அதே பெயரில் தேடுங்கள். பிரின்ட் என்று கொடுத்திருந்தால் அது காகிதத்தில் வராமல் பிடிஎஃப் ஆகவும் போயிருக்கலாம், அப்போது ஃபைலின் பெயர் நீங்கள் கொடுத்த பெயராக இருக்கும். Documents, Downloads ஃபோல்டர்களில் பிடிஎஃப்களைத் தேதி வாரியாகப் பாருங்கள். C:-ஐ முழுதாக அழித்துவிட்டு விண்டோஸ் போட்டிருந்தால் அந்த ஃபைலை மீட்பது மிகக் கடினம். எஸ்எஸ்டி, அழித்த இடங்களைத் தானே துடைத்து வைத்துக்கொள்ளும்.

மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமித்திருந்தால் ஃபோனிலேயே பார்க்கலாம். பிரவுசரில் இந்த முகவரிக்குப் போய் உள்நுழையுங்கள்:

```
https://account.microsoft.com/devices/recoverykey
```

எந்தக் கணக்கு என்பதில்தான் எங்கள் பக்கத்தில் ஆட்கள் தடுமாறுகிறார்கள். கல்முனையில் ஒரு கல்யாணப் படக்காரருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவருடைய லப்டொப்பை டோஹாவில் இருக்கும் தம்பி வாங்கி, அங்கேயே விண்டோஸைச் சரிப்படுத்தி, தன்னுடைய கணக்கில் திறந்து ஊருக்கு அனுப்பியிருந்தார். இவர் அதே விண்டோஸில் பல வருசம் வேலை செய்தார், வெளி டிஸ்க்குக்குப் பிட்லொக்கரும் போட்டார். போர்ட் மாற்றி, விண்டோஸும் புதிதாகப் போட்ட பிறகு டிஸ்க் கீ கேட்டது. தன் ஜிமெயிலைப் போட்டு அந்தப் பக்கத்தைப் பார்த்தார், ஒன்றும் இல்லை. கீ எங்கேயும் சேமிக்கப்படவில்லை என்றே முடிவுக்கு வந்துவிட்டார்.

நான் அவரிடம் முதலில் கேட்டது, லப்டொப்பில் உள்ளே போகும்போது யாருடைய பெயர் தெரிந்தது என்பதைத்தான். "தம்பிட பேர்தான்" என்றார். தம்பியிடம் வட்ஸ்அப்பில் கதைத்து, அவருடைய கணக்கில் அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொன்னோம். இரண்டு வரிகள் இருந்தன. ஒன்றில் Drive என்ற பத்தியில் OSV, மற்றதில் RDV. OSV என்றால் விண்டோஸ் இருக்கும் C:. RDV என்றால் கழற்றிச் செருகும் டிஸ்க். RDV வரியின் Key ID-உம் நாங்கள் டிஸ்க்கில் இருந்து எழுதி வைத்த எட்டு எழுத்துகளும் ஒன்றாகவே இருந்தன. அந்த இடத்தில் அவருக்குப் பாதி உயிர் வந்துவிட்டது.

தம்பி வேலையில் நின்றதால் கீயைக் கடதாசியில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினார். அதை அடித்தால் டிஸ்க் ஏற்கவில்லை. Key ID பொருந்துகிறது, கீ மட்டும் பிழை. இப்படி வந்தால் பெரும்பாலும் எழுத்துப் பிழைதான், அதைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு இருக்கிறது. 48 இலக்கமும் ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் 11 ஆல் மீதியின்றிப் பிரிபட வேண்டும், 720896-ஐ விடச் சிறியதாகவும் இருக்க வேண்டும். கல்குலேட்டரில் எட்டையும் பிரித்துப் பார்த்தோம். ஏழு சரி. 583170 என்று நாங்கள் வாசித்தது மட்டும் பிரிபடவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, அந்த 7 உண்மையில் மேலே சின்னக் கோடு போட்டு எழுதிய 1. 583110-ஐ 11 ஆல் பிரித்தால் 53010, மீதி இல்லை. மாற்றி அடித்ததும் டிஸ்க் திறந்தது. உங்களுக்கு யாராவது கீ அனுப்பினால், எழுதிப் படம் எடுக்காமல் கொப்பி செய்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய பிரின்டில் இருந்து வாசிப்பதாக இருந்தால் இந்த 11 கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

உங்கள் விஷயத்தில், லப்டொப்பை முதலில் திறந்து தந்தது யார் என்று யோசியுங்கள். அண்ணனோ, மாப்பிள்ளையோ, வாங்கிய கடையில் யாரோ திறந்து தந்த கணக்கோ. பள்ளிக்கூடமோ திணைக்களமோ தந்த மின்னஞ்சலில் உள்நுழைந்திருந்தால் கீ அந்த நிறுவனத்தின் கணக்கில் இருக்கலாம், அதற்கான முகவரி aka.ms/aadrecoverykey.

கீ கிடைத்துவிட்டால், செருகும்போது வரும் பெட்டியில் More options அழுத்தி Enter recovery key கொடுத்து அடிக்கலாம். அந்தப் பெட்டி சரியாக வராவிட்டால் கட்டளையிலும் செய்யலாம். இலக்கங்களுக்கு இடையில் வரும் கோடுகளையும் சேர்த்து அடியுங்கள், கீழே உள்ளது மாதிரி மட்டும்தான்:

```
manage-bde -unlock E: -RecoveryPassword 111111-222222-...
```

திறந்ததும் முதல் வேலை முக்கியமானவற்றை வேறு ஒரு டிஸ்க்குக்குக் கொப்பி செய்வது. அது முடிந்த பிறகே மற்றது. பழைய பாஸ்வேர்ட் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, டிஸ்க் திறந்திருக்கும்போது புதியதை வைக்கலாம்:

```
manage-bde -changepassword E:
```

தானாகத் திறக்கும் தெரிவை மறுபடி போடுவதில் தவறில்லை. ஆனால் வேறு கணினியில் ஒரு தடவை செருகி, பாஸ்வேர்ட் அடித்துத் திறந்து பார்த்த பிறகு போடுங்கள்.

Key ID பொருந்தி, எட்டுத் தொகுதியும் 11 ஆல் பிரிபட்டு, அப்படியும் திறக்கவில்லை என்றால் டிஸ்க்கில் ஏதோ பழுது இருக்கிறது. மின்னல் போர்டோடு நிற்காமல் யூஎஸ்பி வழியாக டிஸ்க்கையும் தாக்கியிருக்கலாம். டிஸ்க் கிளிக் கிளிக் என்று சத்தம் போட்டால் உடனே கழற்றிவிடுங்கள், மேலும் முயன்றால் இருப்பதும் போகும். சத்தம் இல்லை என்றால் வேறு கேபிளில், லப்டொப்பின் வேறு யூஎஸ்பி துளையில் செருகிப் பாருங்கள். கேஸை மாற்றியிருந்தால் பழைய கேஸிலேயே திரும்பப் போட்டுப் பாருங்கள், சில கேஸ்கள் டிஸ்க்கை வேறு மாதிரி வாசிக்கும். அதற்கும் சரிவரவில்லை என்றால் விண்டோஸிலேயே repair-bde என்ற கருவி இருக்கிறது. அதற்கு 48 இலக்கக் கீயும், அதே அளவோ பெரியதோ ஆன வெறும் டிஸ்க் ஒன்றும் வேண்டும்:

```
repair-bde E: F: -rp 111111-222222-...
```

இங்கே F:-இல் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். எழுத்தை மாற்றி அடித்துவிடாதீர்கள்.

பாஸ்வேர்டும் இல்லை, கீயும் எங்கேயும் இல்லை என்றால், "உடைத்துத் தருகிறோம்" என்று காசு கேட்பவர்களிடம் கொடுக்க வேண்டாம். 48 இலக்கத்தை ஊகித்துக் கண்டுபிடிக்கும் மென்பொருள் கிடையாது. பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும் கருவிகள் உண்டுதான். ஆனால் ஒவ்வொரு ஊகத்தையும் 1,048,576 தடவை கணக்குப் போட்டுத்தான் சரி பார்க்க முடியும் என்ற விதத்தில் பிட்லொக்கர் செய்யப்பட்டிருக்கிறது. பாஸ்வேர்டில் பெரும்பகுதி ஞாபகம் இருந்து, கடைசி இரண்டு மூன்று எழுத்து மட்டும் தெரியாது என்றால் அதற்குப் பலன் உண்டு. ஒன்றுமே ஞாபகம் இல்லை என்றால் இல்லை. அப்படியான நிலைமை வந்தால் டிஸ்க்கை ஃபோர்மட் செய்யாமல், Key ID-இன் எட்டு எழுத்துகளை ஒரு துண்டில் எழுதி அதன் மேலேயே ஒட்டி, அலமாரியில் எடுத்து வையுங்கள். வேலைக்கு வேறு டிஸ்க் வாங்குங்கள். பழைய மின்னஞ்சல் ஒன்றிலோ பழைய பென் டிரைவிலோ அந்த .TXT ஃபைல் பிறகு அகப்பட்டால், அந்த எட்டு எழுத்துகளை வைத்து இதன் கீ அதுதானா என்று உடனே பார்த்துக்கொள்ளலாம்.